விட்டுக்கொடுப்போம் என்று எழுதுமுன்

வேலூர்ப் பக்கத்தில் பிரியாணிக் கடை நடத்தும் நண்பர் ஒருவர், கார்த்திகை மாதக் கடைசியில் அஸருக்குப் பின் நம்மைத் தேடி வந்தார். கையில் ஒரு கடித நகல். பதினோரு ஆண்டுகளாக அவருக்குச் சீரகச் சம்பா அரிசி கொடுத்து வரும் ஆரணிப் பக்கத்து ஆலை முதலாளிக்கு எழுதியது. தை மாதக் கடைசியோடு இந்த வருட ஒப்பந்தம் முடிகிறது. அடுத்த வருடத்துக்கு உட்கார்ந்து பேச நேரம் கேட்க வேண்டும். ஆலைக்காரர் போனில், "மூட்டை 2,900 ஆகும் போலிருக்கு பாய்" என்று சொல்லியிருந்தார். முடிந்துபோகும் வருடத்தின் விலை 2,600. கடிதத்தை எழுதியவர் நண்பரின் மகன். கல்லூரியில் வணிகம் படித்தவர். "எழுத்தெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கையெழுத்துப் போட மனம் வரவில்லை. ஏன் என்றும் சொல்லத் தெரியவில்லை" என்றார் நண்பர்.

படித்துப் பார்த்தோம். மூன்று வாக்கியங்கள் கண்ணில் பட்டன. வேறொரு ஆலையில் 2,450க்குத் தருவதாகச் சொல்கிறார்கள் என்பது ஒன்று. 2,500க்கு மேல் ஒரு ரூபாய்கூடத் தர எங்களால் இயலாது என்பது இரண்டாவது. கடைசியில், விலையிலும் சரக்கு அனுப்பும் விஷயத்திலும் நாங்கள் எப்படியும் அனுசரித்துப் போவோம் என்று ஒரு வரி.

"வேறு ஆலை எது?" என்று கேட்டோம். அப்படி எந்த ஆலையும் இல்லை. "2,500க்கு மேல் முடியவே முடியாதா?" 2,780 வரை கொடுத்தாலும் கடை தாங்கும் என்று வீட்டில் கணக்குப் பார்த்து வைத்திருக்கிறார்கள். முதல் இரண்டும் பொய் என்பது நண்பருக்கே தெரியும்; மனம் வராததற்குக் காரணம் அதுதான் என்று நினைத்திருந்தார். நமக்கோ, அதிகத் தீங்கு செய்யக்கூடியது மூன்றாவது வாக்கியம் என்று பட்டது. அதைப் பின்னால் பார்ப்போம்.

பேரம் பேசுவதில் மனிதன் தன் உள்ளக் கணக்கு முழுவதையும் திறந்து காட்டியே ஆக வேண்டுமா? இந்தக் கேள்வி நம் குடும்பங்களில் அடிக்கடி எழுவதுண்டு. வேண்டியதில்லை என்பதே பதில். வாங்குகிறவரும் விற்கிறவரும் உண்மை பேசி உள்ளதைத் தெளிவுபடுத்தினால் அவர்களின் வியாபாரத்தில் பரக்கத் உண்டு, மறைத்துப் பொய் சொன்னால் அது துடைத்தெறியப்படும் என்ற கருத்தில் ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. தெளிவுபடுத்த வேண்டியது சரக்கின் குறையையும் கொடுக்கும் பொருளின் தன்மையையும். நம்மால் உச்சமாக எவ்வளவு கொடுக்க முடியும் என்பது சரக்கின் குறையல்ல. அதைச் சொல்லாமல் இருக்கலாம். ஆனால் 2,780 மனத்தில் இருக்க, 2,500க்கு மேல் இயலாது என்று எழுதுவது மௌனமல்ல, பொய். "2,500 என்றால் எங்களுக்கு நல்லது" என்று எழுதினால் அது உண்மை, பேரமும் கெடவில்லை. வித்தியாசம் இரண்டு சொல்லில்தான் இருக்கிறது. இல்லாத ஆலையை இருப்பதாகக் காட்டுவதோ இன்னும் மோசம். ஏலத்தில் வாங்கும் எண்ணமில்லாதவன் விலையை ஏற்றிவிடுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள், நஜ்ஷ் என்பார்கள். இது அதே தந்திரத்தை வாங்குகிறவன் பக்கமிருந்து செய்வது.

பேரமே கூடாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நபி (ஸல்) அவர்களே ஜாபிர் (ரலி) அவர்களிடம் ஒட்டகத்தை விலை பேசினார்கள். பயணத்தின் நடுவே, தமக்கு விற்றுவிடும்படி ஓர் ஊக்கியா விலை கேட்டார்கள். ஜாபிர் (ரலி) முதலில் இசையவில்லை. மறுபடி கேட்டபோது இசைந்தார்கள். ஆனால் மதீனா சென்று சேரும்வரை அதன்மீது தாம் சவாரி செய்துகொள்வதாக நிபந்தனை வைத்தார்கள். நபியவர்கள் அதை ஏற்றார்கள். விலை ஒரு பக்கம், சரக்கு எப்போது கைமாறும் என்பது இன்னொரு பக்கம். இரண்டையும் சேர்த்துப் பேசியதில்தான் காரியம் முடிந்தது. மதீனாவில் விலையைக் கொடுத்த பிறகு, ஒட்டகத்தையும் அவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள் என்பது நாமெல்லாம் அறிந்தது. அந்தத் தாராளம் பேரம் முடிந்த பின் வந்தது. பேசும்போது நிபந்தனை தெளிவாக இருந்தது.

இப்போது அந்த மூன்றாவது வாக்கியத்துக்கு வருவோம். எப்படியும் அனுசரித்துப் போவோம் என்பது கேட்க நல்ல குணமாகத் தோன்றும். நண்பரோ சென்ற ரமளானில் அதற்கு விலை கொடுத்தவர். முந்தைய முறை ஒப்பந்தம் பேசியபோது, ஆலைக்காரரைச் சந்தோஷப்படுத்த, "எப்போ சௌகரியமோ அப்போ அனுப்புங்க, பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். இந்த ஆண்டுகளில் ரமளான் தை, மாசி, பங்குனியை ஒட்டி வருகிறது. சம்பா அறுவடை முடிந்து புது அரிசி சந்தைக்கு வரும் நேரம் அது. பழைய அரிசி எங்கும் குறைந்துவிடும். ரமளான் இரண்டாம் வாரம் வர வேண்டிய பத்து மூட்டை வரவில்லை. அடுத்த வாரம் வந்தவற்றில் பாதி புது அரிசி. புது அரிசியில் வைத்த பிரியாணி என்ன ஆகும் என்பது நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் குறைவாகப் பிடிக்கும், தம்மில் குழைந்துபோகும், பருக்கை பருக்கையாக நிற்காது. நண்பர் உள்ளூர் மண்டியில் மூட்டை 3,100 கொடுத்துப் பழைய அரிசி வாங்கி மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார். ஆலைக்காரரைக் கேட்டதற்கு, "நீங்கதானே பாய் எப்போ வேணும்னாலும்னு சொன்னீங்க" என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை.

ஆகவே நண்பரையும் மகனையும் உட்காரவைத்து, எதில் உண்மையாகவே விட்டுக்கொடுக்க முடியும், எதில் முடியாது என்று கேட்டோம். இருவருக்கும் உடனே பதில் வரவில்லை. நண்பரின் வீட்டுக்காரம்மாவின் நோட்டுப் புத்தகத்தில்தான் பதில் இருந்தது. கடைக்கணக்கு எழுதுகிறவர் அவர்.

கடையில் வாரத்துக்குப் பத்து மூட்டை செலவாகிறது. வாராவாரம் ஆலையிலிருந்து சிறிய வண்டி ஒன்று வருகிறது. வாடகை 1,500 ரூபாய் என்று ஓட்டுநரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். அப்படியானால் மூட்டைக்கு 150 ரூபாய் வண்டிக்கே போகிறது. மாதம் ஒருமுறை நாற்பது மூட்டையாகப் பெரிய வண்டியில் வந்தால் வாடகை 2,400, மூட்டைக்கு 60. ஆலைக்காரருக்கு மூட்டைக்கு 90 ரூபாய் மிச்சம், அதுவும் நண்பர் கையிலிருந்து ஒரு காசு போகாமல். நாற்பது மூட்டையை எங்கே வைப்பது? கீழ் அறையில் ஐப்பசி மழைக்கு ஈரம் ஏறும். மாடியின் முன்னறையில் பலகை அடித்து, சுவரைத் தொடாமல் அடுக்கினால் நாற்பத்தைந்து கொள்ளும் என்றார் அந்த அம்மையார். மாதத்துக்கு மேல் வைத்தால் வண்டு வரும். ஆகவே ஒரு மாதச் சரக்குதான், அதற்கு மேல் ஒப்புக்கொள்ளக் கூடாது என்றும் சொன்னார்.

அடுத்தது பணம். இதுவரை நாற்பது நாள் கழித்துக் கொடுத்து வந்தார்கள். பழைய அரிசியை ஒரு வருடம் இருப்பு வைக்கும் ஆலைக்காரருக்குப் பணம் அதில் முடங்கிக் கிடக்கிறது. அறுவடை நேரத்தில் நெல் வாங்கக் கையில் ரொக்கம் வேண்டும். சரக்கு இறங்கிய அன்றே கொடுக்க நண்பரால் முடியும். மகன் கேட்டிராத கேள்வி இது: எதிரிலிருப்பவருக்கு எது சுமை? அதைக் கண்டுகொண்டால், விட்டுக்கொடுக்க நம்மிடம் விலையைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்பது தெரிந்துவிடுகிறது.

விட்டுக்கொடுக்க முடியாதவை இரண்டு. அரிசி அறுவடையாகி ஒரு வருடம் கழிந்த பழைய அரிசியாக இருக்க வேண்டும். ரமளானுக்கான சரக்கு ரமளானுக்கு முன்பே வந்துசேர வேண்டும்.

இதையெல்லாம் வைத்துக் கடிதத்தை மறுபடி எழுதினோம். மகனே எழுதினார், நாம் சில சொற்களை மட்டும் மாற்றினோம்.

"மதிப்பிற்குரிய முதலாளி அவர்களுக்கு. பதினோரு வருடமாகத் தங்கள் அரிசியில்தான் எங்கள் கடை நடக்கிறது. தை மாதத்தோடு ஒப்பந்தம் முடிவதால், அறுவடைக்கு முன்பே அடுத்த வருடத்தைப் பற்றித் தங்களோடு உட்கார்ந்து பேச விரும்புகிறோம். மார்கழி முதல் இரண்டு வாரங்களில், வெள்ளிக்கிழமை நீங்கலாக, தங்களுக்குத் தோதான ஒரு நாளைச் சொன்னால் நாங்களே ஆலைக்கு வருகிறோம். போனில் சொன்ன 2,900 எங்களுக்குக் கூடுதல். ஆனால் தங்கள் செலவும் ஏறியிருக்கும் என்பதை அறிவோம். வாரம் பத்து மூட்டைக்குப் பதிலாக மாதம் நாற்பது மூட்டை ஒரே வண்டியில் எடுத்துக்கொள்ளவும், தேதியை ஐந்து நாள் முன்பின்னாகத் தாங்களே வைத்துக்கொள்ளவும், பணத்தைச் சரக்கு இறங்கிய அன்றே கொடுக்கவும் எங்களால் முடியும். இவற்றுக்கு ஏற்ப விலையில் தாங்கள் என்ன செய்ய முடியும் என்று பேசலாம். அரிசி ஒரு வருடப் பழையதாக இருப்பதும், ரமளான் சரக்கு குறித்த தேதிக்குள் வருவதும் மட்டும் எங்களால் மாற்ற முடியாதவை. சென்ற ரமளானில் ஏற்பட்ட சங்கடத்தில் எங்கள் வாய்வார்த்தைக்கும் பங்கு உண்டு. ஆகவே இம்முறை எழுதிக்கொள்வோம்."

வெள்ளிக்கிழமையை விலக்கியது, ஜும்ஆவுக்கு அழைக்கப்பட்டால் வியாபாரத்தை விட்டுவிடச் சொல்லும் கட்டளையை எண்ணித்தான். கார்த்திகையிலேயே எழுதியதற்கும் காரணம் உண்டு. எவ்வளவு பழைய அரிசியை விற்காமல் நிறுத்திவைப்பது என்று ஆலைக்காரர் முடிவு செய்யும் காலம் அதுதான். ஒப்பந்தம் முடியும் வாரத்தில் போய் நின்றால் அவரிடம் கொடுக்க ஒன்றும் இருக்காது, நமக்கும் கேட்க வாய் இருக்காது.

கடிதம் போன நான்காம் நாளே பதில் வந்தது. மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நண்பர் வற்புறுத்தியதால் நாமும் கூடப் போனோம். ஆலைக்காரர் கடிதத்தை மேசைமேல் வைத்திருந்தார். மூட்டைக்கு 90 ரூபாய் என்ற கணக்கை அவரும் தனியே போட்டுப் பார்த்திருந்தார். இரண்டு விலை சொன்னார். சரக்கு இறங்கியதும் பணம் என்றால் 2,720. முப்பது நாள் கழித்து என்றால் 2,800.

இங்கே நம் குடும்பங்களில் பலர் தடுக்கி விழுகிறார்கள். ரொக்க விலை ஒன்றும் கடன் விலை ஒன்றும் சொல்வது நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்களிடமும் ஆகும். ஆனால் எது என்று தீர்மானிக்காமலே, "இரண்டில் எதுவோ ஒன்று, பிறகு பார்க்கலாம்" என்று எழுந்துவிடக் கூடாது. ஒரே வியாபாரத்தில் இரண்டு வியாபாரம் என்று தடுக்கப்பட்டது அதைத்தான் என்பது பல இமாம்களின் விளக்கம். கடிதத்தில் நெகிழ்ச்சி இருக்கலாம்; சபை கலையுமுன் அது ஒரு விலையாக, ஒரு தவணையாக ஆகிவிட வேண்டும். நண்பர் 2,720 என்று முடித்தார். தவணை தப்பினால் மூட்டைக்கு இருபது ரூபாய் கூட என்று ஆலைக் கணக்கப்பிள்ளை ஒரு வரி சேர்க்கப் பார்த்தார். நின்றுபோன கடனுக்கு மேல் ஏற்றுவது வட்டியாகிவிடும் என்று நண்பர் எடுத்துச் சொன்னதும் ஆலைக்காரர் அதை அடிக்கச் சொல்லிவிட்டார்.

இன்னொரு சிக்கல் நாம் எதிர்பாராதது. "ஆறு மாதத்துக்கு இந்த விலை. அப்புறம் மார்க்கெட் பாத்து வெச்சுக்கலாம்" என்றார் அவர். விலையே தெரியாத ஒன்றை இப்போதே விற்று வாங்கிக் கட்டுப்படுவது ஆகாது. அது மட்டுமல்ல. பணமும் பிறகு, சரக்கும் பிறகு என்று இரு பக்கமும் கட்டாயமாகப் பிணைத்துக்கொள்ளும் சப்ளை ஒப்பந்தத்தையே ஜித்தாவைத் தலைமையகமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி, 2000ஆம் ஆண்டு ரியாத்தில் கூடிய அமர்வில் ஆராய்ந்தது. தயாரித்துத் தர வேண்டியிராத பொருளானால், முழு விலையையும் முன்னதாகவே கொடுத்தால் அது ஸலம் ஆகும். அப்படியில்லாமல் கட்டாய வாக்குறுதியாகப் பிணைத்தால் கூடாது. கட்டாயமில்லாத வாக்காக இருந்து, ஒவ்வொரு முறை சரக்கு கைமாறும்போதும் வியாபாரம் நிறைவேறினால் ஆகும் என்பது அதன் முடிவின் சாரம். ஆகவே நண்பரின் காகிதத்தின் தலைப்பில் ஒப்பந்தம் என்பதை அடித்து 'வாக்கு' என்று எழுதினோம். ஒவ்வொரு மாதமும் வண்டி வரும்போது அது தனி வியாபாரம். இயலாமல் போனால் ஒரு மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும். இரண்டாம் ஆறு மாதத்துக்கு ஆடியில் மறுபடி உட்கார வேண்டும். கோர்ட்டில் கட்டுப்படுத்தாது என்பதற்காக வாக்கை லேசாக எண்ணலாம் என்று நாம் சொல்லவில்லை. காரணமின்றி மீறுகிறவன் படைத்தவனிடம் பதில் சொல்ல வேண்டியவன்தான்.

ரமளான் சரக்கை மட்டும் வாக்காக விட நண்பருக்குத் துணிவில்லை. சூடுபட்டவர் அல்லவா! அதற்கு அறுபது மூட்டை. ஆலைக்காரருக்கோ நெல் வாங்க ரொக்கம் தேவை. இருவர் தேவையும் ஒரே இடத்தில் சந்தித்தன. ஸலமாகச் செய்தார்கள்: மூட்டை 2,650 வீதம் 1,59,000 ரூபாயை அந்த இடத்திலேயே முழுமையாகக் கொடுத்துவிட்டார் நண்பர். பாதியை இப்போது, மீதியைப் பிறகு என்று வைத்தால் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளில் அந்த மீதிப் பங்குக்கு ஸலம் செல்லாது. நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது மக்கள் ஓரிரு ஆண்டுக்கு முன்பே கனிகளுக்குப் பணம் கொடுத்து வந்ததைத் தடுக்கவில்லை. அளவும் எடையும் தவணையும் தெரிந்திருக்க வேண்டும் என்றார்கள்.

எடை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. விதிக்கப்பட்டதும் பல ஆலைகள் 26 கிலோ மூட்டைக்கு மாறிவிட்டன. நண்பர் வாங்குவதும் அதுதான். பழைய காகிதங்களில் எல்லாம் வெறும் 'மூட்டை' என்றே இருந்தது. இம்முறை 26 கிலோ என்று எழுதினார்கள். தவணையிலும் இதே கவனம் தேவைப்பட்டது. 'அறுவடை முடிந்ததும்' என்று எழுதினால் இமாம் மாலிக் (ரஹ்) ஒப்புக்கொள்வார்கள். மற்ற பல இமாம்கள் தேதி தெரியாது என்று ஒப்புவதில்லை. 'ஷஅபான் பாதியில்' என்றால் நமக்குத் தெரியும், ஆலைக்காரருக்குத் தெரியாது. ஆகவே ஆங்கிலத் தேதியையே எழுதினோம். குறித்த வயலின் நெல் என்று எழுதாமல், ஒரு வருடப் பழைய, கல் நீக்கிய, நொறுங்கல் குறைந்த சீரகச் சம்பா என்று தன்மையை மட்டும் எழுதினோம். அந்த வயல் பொய்த்தாலும் சரக்கு பொய்க்காது. தேதிக்குத் தர இயலாமற் போனால் நண்பர் காத்திருக்கலாம், அல்லது கொடுத்த பணத்தை அப்படியே திரும்பப் பெறலாம். மேலே எதுவும் கேட்க முடியாது.

புறப்படும்போது ஆலைக்காரர், இரண்டு சிறு பைகளில் அதே பழைய அரிசியைக் கட்டி, இரண்டிலும் கையெழுத்திட்டு ஒன்றை நண்பரிடம் கொடுத்தார். மாதாமாதம் வரும் சரக்கில் ஒரு கைப்பிடி, மாதிரிப் பையில் ஒரு கைப்பிடி, இரண்டையும் தனித்தனிப் பாத்திரத்தில் ஒரே அளவு தண்ணீரில் வைத்துப் பார்க்கப் போவதாக நண்பரின் வீட்டுக்காரம்மா சொல்லியிருக்கிறார். புதிது கலந்திருந்தால் கஞ்சி கெட்டியாகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

ரமளான் அறுபது மூட்டையும் குறித்த தேதிக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்துசேர்ந்துவிட்டன. ஆடிக்கான கடிதத்தையும் இப்போதே எழுதி வைத்துவிடலாமா என்று மகன் கேட்டார். வேண்டாம், அப்போது நம்மால் எது முடியும் என்பதை அம்மாவின் நோட்டைப் பார்த்த பிறகு எழுதுவோம் என்றோம்.